டிவியிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபையருக்கு: ஹெட்போன் ஜாக்கா, சிவப்பு-வெள்ளை சாக்கெட்டா, ஆப்டிக்கலா?

அம்பத்தூரில் மாமா வீட்டு ஹாலில் ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. 1980-களில் வாங்கியது. ரெக்கார்ட் பிளேயரும் கேசட் டெக்கும் போன பிறகும் அதையும் அதன் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களையும் மாமா விடவில்லை. எதிர்ச் சுவரில் 43 அங்குல டிவி. இப்போதைய மெல்லிய டிவிகளைப் போலவே அதற்கும் ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கி இருக்கின்றன. அத்தைக்குப் பாட்டு கேட்கிறது, வசனம்தான் புரிவதில்லை. "ஆம்ப்ளிஃபையர் பின்னாடி சிவப்பும் வெள்ளையுமா ஓட்டை இருக்கு, டிவி பின்னாடியும் அதே மாதிரி இருக்கு. ரெண்டையும் ஒரு ஒயர்ல கோத்துட்டா முடிஞ்சுதுல்லடா?" என்று மாமா கேட்டார். அன்று அந்த வேலையை முடிக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அவ்வளவு நேரம் ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிவியிலிருந்து சத்தத்தை வெளியே எடுக்கப் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு: 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் ஜாக், பின்பக்கத்துச் சிவப்பு-வெள்ளை ஆடியோ அவுட், அப்புறம் ஆப்டிக்கல் அவுட். ஆப்டிக்கலில் வருவது டிஜிட்டல் என்பதால் அதைப் பழைய ஆம்ப்ளிஃபையருக்குப் புரியும் அனலாக் சிக்னலாக மாற்ற நடுவில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். கடைகளில் அதை டாக் என்பார்கள்.

இவற்றில் எது நன்றாக ஒலிக்கும் என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. பழைய ஆம்ப்ளிஃபையர், சாதாரண ஹால், சீரியல், செய்தி, சினிமா என்ற நிலையில் இந்த மூன்றுக்கும் இடையே காதுக்குத் தெரிகிற வித்தியாசம் மிகக் குறைவு. முதலில் கேட்க வேண்டியது வேறு: சத்தத்தை யார், எங்கே உட்கார்ந்துகொண்டு கூட்டிக் குறைக்கப் போகிறார்கள்? பழைய ஆம்ப்ளிஃபையருக்கு ரிமோட் கிடையாது. டிவியிலிருந்து வரும் சிக்னல் எப்போதும் ஒரே அளவில் வந்தால், விளம்பரம் அலறும் ஒவ்வொரு முறையும் யாராவது எழுந்துபோய்க் குமிழைத் திருக வேண்டும். முழங்கால் வலியுள்ள அத்தைக்கு அந்த ஏற்பாடு இரண்டு நாள் கூடத் தாங்காது.

ஹெட்போன் ஜாக்கில் அந்தச் சிக்கல் இல்லை. அதன் சிக்னல் டிவி ரிமோட்டின் வால்யூமோடு சேர்ந்தே ஏறி இறங்கும். ஆம்ப்ளிஃபையர் குமிழை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டால் அதன் பிறகு எல்லாமே ரிமோட்தான். சிவப்பு-வெள்ளை ஆடியோ அவுட்டும் ஆப்டிக்கலும் பெரும்பாலும் நிலையான அளவில்தான் சிக்னல் தரும், ரிமோட்டில் வால்யூமைக் குறைத்தாலும் ஸ்பீக்கரில் குறையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, ரிமோட் இல்லாத ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் ஹெட்போன் ஜாக்கிலிருந்து தொடங்குவதுதான் சரி என்பேன். மற்ற இரண்டும் அதற்கு வழியில்லாதபோது வருபவை.

"ஹெட்போன் ஜாக்கில் ஏற்கெனவே ஆம்ப்ளிஃபை ஆன சிக்னல்தானே வருகிறது, அதை இன்னொரு ஆம்ப்ளிஃபையரில் கொடுத்தால் எரிந்துபோகாதா?" என்று பலர் பயப்படுகிறார்கள். எரியாது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரை ஆம்ப்ளிஃபையரின் இன்புட்டில் கொடுப்பதுதான் ஆபத்து. ஹெட்போன் ஜாக்கில் முழு வால்யூமிலும் வருவது ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவுதான். பழைய ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் இன்புட் அந்த அளவுக்குப் பழகியது. ஆம்ப்ளிஃபையர் தன் முழு சக்தியை எட்டுவதற்கு அதில் 150 முதல் 200 மில்லிவோல்ட் வந்தாலே போதும். டிவி தருவது தேவைக்கு மேலேயே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஹெட்போன் ஜாக் 32 ஓம் சுமையைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது, ஆக்ஸ் இன்புட்டோ பல்லாயிரம் ஓம். ஜாக்குக்கு அது ஒரு சுமையே இல்லை. அதனால்தான் ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஐந்து மீட்டர் ஒயர் இழுத்தாலும் மேல்ஸ்தாயி ஒலி மங்குவதில்லை.

இனி மாமா சொன்ன அந்தச் சிவப்பு-வெள்ளை ஓட்டைகளைப் பார்ப்போம். டிவியின் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என மூன்று சாக்கெட் சேர்ந்து இருந்தால் அது பெரும்பாலும் இன்புட். பழைய டிவிடி பிளேயரை டிவியோடு இணைப்பதற்காக வைத்தது. அதிலிருந்து சத்தம் வெளியே வராது. மாமா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், பக்கத்தில் ஏவி இன் என்று அச்சிட்டிருக்கிறதா, ஆடியோ அவுட் என்று அச்சிட்டிருக்கிறதா என்பதை டார்ச் அடித்துப் படியுங்கள். உண்மையிலேயே ஆடியோ அவுட் என்று இருந்து, ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பவராகவும் நீங்கள் இருந்தால், அது மிக எளிய வழி. இருபுறமும் சிவப்பு-வெள்ளை பின் உள்ள சாதாரண ஒயர் ஒன்று போதும். சில டிவிகளின் மெனுவில் இந்த அவுட்டை நிலையானதாக வைப்பதா, ரிமோட்டுக்குக் கட்டுப்பட வைப்பதா என்று Fixed, Variable என்ற தேர்வு இருக்கும். Variable கிடைத்தால் ஹெட்போன் ஜாக்கின் வசதியும் கூடவே கிடைத்துவிடுகிறது. புது டிவிகளில் இந்தச் சாக்கெட் அரிதாகிவிட்டது. சிலவற்றில் ஒரே 3.5 மில்லிமீட்டர் துளையே இரண்டு வேலையும் செய்யும். அதில் Headphone/Audio Out போன்ற ஒரு மெனு பக்கத்துக்குள் போய் எது வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

டிவியில் எந்த அவுட்டும் இல்லை, செட்டாப் பாக்ஸில் இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்ஸின் சிவப்பு-வெள்ளை அவுட்டை நேராக ஆம்ப்ளிஃபையரில் கொடுக்கலாம், சேனல்களுக்கு அது வேலை செய்யும். டிவிக்குள்ளேயே ஓடும் யூடியூபுக்கு வேலை செய்யாது. அதோடு, டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் சிறிது நேரத்தால் உதடு அசைவதற்கு முன்னாலேயே வசனம் வந்துவிடலாம். டிவியிலிருந்தே சத்தம் எடுத்தால் டிவி அந்தத் தாமதத்தைப் பெரும்பாலும் தானே சரிக்கட்டிவிடும்.

ஒயர் வாங்கும்போது

ஹெட்போன் ஜாக்குக்குத் தேவையானது ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின், மறுமுனையில் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை பின். வெள்ளை இடது, சிவப்பு வலது. 3.5 மில்லிமீட்டர் பின்னை உற்றுப் பார்த்தால் அதில் இரண்டு கறுப்பு வளையங்கள் தெரியும். அந்த வளையங்கள் உலோகத்தை மூன்று பகுதியாகப் பிரிக்கின்றன: நுனி இடது, நடு வலது, அடிப்பகுதி எர்த். ஒரே வளையம் இருந்தால் அது மோனோ பின். அதைச் செருகினால் வலது பக்கம் ஷார்ட் ஆகும். மூன்று வளையம் இருந்து, மறுமுனையில் மஞ்சள் பின்னும் தொங்கினால் அது வீடியோ கேமராவுக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் செய்த ஒயர்.

ரிச்சி தெருவில் ஒரு கடையில் நான் ஐந்து மீட்டர் ஒயர் கேட்டபோது அந்த மஞ்சள் ஒயரைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். "மஞ்சளை விட்டுடுங்க சார், மீதி ரெண்டும் அதேதான்" என்றார் கடைக்காரர். அதே அல்ல. நான்கு பகுதியுள்ள அந்தப் பின்னில் எர்த் எங்கே இருக்கும் என்பதே ஒயருக்கு ஒயர் மாறும். செருகியதும் ஒரு பக்கம் மட்டும் மெலிதாகக் கேட்டது, கூடவே கொர்ரென்று ஒரு இரைச்சல். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சரியான ஒயரை வாங்கி வந்தேன். நீளத்தைப் பொறுத்தவரை டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபையர் வரை சுவரோரமாக நூல் வைத்து அளந்து, அதற்கு மேல் அரை மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். இழுத்துப் பிடித்தபடி இருக்கும் ஒயர் டிவியின் ஜாக்கைத் தளர்த்திவிடும்.

ஆம்ப்ளிஃபையர் பக்கம்

டிவி பக்கத்தை விடப் பழைய ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தில்தான் தவறுகள் அதிகம் நடக்கின்றன. ஆக்ஸ், ட்யூனர், டேப், சிடி என்று எழுதியிருக்கும் எந்த இன்புட்டிலும் டிவியைக் கொடுக்கலாம், எல்லாம் ஒரே மாதிரிதான். ஃபோனோ என்று எழுதியிருப்பதில் மட்டும் கொடுக்கவே கூடாது. ரெக்கார்ட் பிளேயரின் ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் சிக்னலுக்காகச் செய்த வாசல் அது. அங்கே சிக்னல் நூறு மடங்கு அளவுக்குப் பெருக்கப்படும், பாஸ் இன்னும் அதிகமாகத் தூக்கப்படும். டிவியை அதில் கொடுத்தால் குமிழைத் தொட்டதுமே கரகரவென்று, வீங்கிய பாஸோடு அலறும். அப்படிக் கேட்டால் ஒயரையோ டிவியையோ சந்தேகிக்காமல் எந்த இன்புட்டில் செருகினோம் என்று பாருங்கள்.

டேப் என்ற இடத்தில் இரண்டு ஜோடி சாக்கெட் இருக்கும். ப்ளே என்றோ இன் என்றோ எழுதியிருப்பது நமக்கு. ரெக் என்றோ அவுட் என்றோ எழுதியிருப்பது ஆம்ப்ளிஃபையரிலிருந்து வெளியே போவது. 1970, 80-களின் சில ஆம்ப்ளிஃபையர்களில் சிவப்பு-வெள்ளையே இருக்காது, ஐந்து துளை உள்ள வட்டமான டின் சாக்கெட்தான் இருக்கும். அதற்கு ஐந்து பின் டின்னிலிருந்து சிவப்பு-வெள்ளைக்கு மாறும் ஒரு சிறு ஒயர் கிடைக்கிறது. வாங்கும்போது ஆம்ப்ளிஃபையருக்குள் சிக்னல் போகும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, ஐந்தாவது பின்கள்தான் உள்ளே போகும் சிக்னலுக்கு. வெளியே வருவதற்கான ஒன்று, நான்காவது பின்களில் சாலிடர் செய்த ஒயரும் அதே தோற்றத்தில் விற்கிறது.

இணைக்கும்போது இரண்டு கருவிகளின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. இரண்டு பின் பிளக் உள்ள டிவிகளின் உலோகப் பகுதியில் மிகச் சிறிய கசிவு மின்சாரம் இருக்கும். விரலால் தடவினால் சுருசுருவென்று இருப்பது அதனால்தான். சிவப்பு-வெள்ளை பின்னில் வெளி வளையம் சேர்வதற்கு முன்பே நடு ஊசி சேர்ந்துவிடும் என்பதால் அந்தக் கசிவு நேராக ஆம்ப்ளிஃபையரின் இன்புட்டுக்குள் பாய வழியிருக்கிறது. நாற்பது வருஷத்துப் பொருளுக்கு உதிரி பாகம் தேடி அலைவதை விட பிளக்கைக் கழற்றுவது சுலபம்.

மாமா வீட்டில் நடந்தது

சரியான ஒயர், ஆக்ஸ் இன்புட், எல்லாம் பொருத்தி ஆன் செய்தால் ஒரு சத்தமும் இல்லை. டிவியின் சொந்த ஸ்பீக்கர் நின்றுவிட்டது, அதனால் ஜாக்கில் பின் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்தது. ஆம்ப்ளிஃபையரின் முன்பக்கத்தில் டேப் மானிட்டர் என்ற பட்டன் அமுங்கி இருந்தது. அது அமுங்கியிருந்தால் ஆம்ப்ளிஃபையர் எந்த இன்புட்டைத் தேர்ந்தாலும் டேப் டெக்கிலிருந்து வருவதைத்தான் கேட்கும். அங்கே டெக்கே இல்லை. பல வருஷமாக அமுங்கியே கிடந்திருக்கிறது. அதை விடுவித்ததும் சத்தம் வந்தது, ஆனால் வலது பக்கம் மட்டும்.

ஒரு பக்கம் இல்லாதபோது செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். ஆம்ப்ளிஃபையர் முனையில் சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமையாக இருந்த ஸ்பீக்கர் இப்போது பேசி, மற்றது ஊமையானால் குறை டிவியிலோ ஒயரிலோ இருக்கிறது. அதே ஸ்பீக்கர் ஊமையாகவே இருந்தால் குறை ஆம்ப்ளிஃபையரிலிருந்து அந்தப் பக்கம். மாமா வீட்டில் இடது ஸ்பீக்கர் ஊமையாகவே இருந்தது. ஆக்ஸிலிருந்து ட்யூனருக்கு மாற்றிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் பேசின. ஆக்ஸ் சாக்கெட் பச்சைப் பாசி பிடித்துப் போயிருந்தது. காண்டாக்ட் கிளீனர் தெளித்து, பின்னைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்த பிறகு ஆக்ஸும் சரியானது. வால்யூம் குமிழைத் திருகும்போது வந்த கரகரப்புக்கும் அதே மருந்துதான், ஆம்ப்ளிஃபையர் பிளக்கைக் கழற்றிவிட்டு.

கடைசியாக மிஞ்சியது உம்ம்ம் என்ற ஓசை. படம் நின்றிருக்கும்போதும் கேட்டது. ரிமோட்டில் வால்யூமைப் பூஜ்யம் ஆக்கினாலும் குறையவில்லை. இந்தக் கடைசி அடையாளம் முக்கியம். வால்யூம் பூஜ்யத்திலும் ஒலித்தால் அது டிவியின் சிக்னலோடு வருவதில்லை, எர்த் வழியாகச் சுற்றி வருகிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ஓசையும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் இருக்கும். செட்டாப் பாக்ஸின் பின்னால் கேபிள்காரர் கொடுத்த கோஆக்ஸியல் ஒயரைக் கழற்றினேன், ஓசை நின்றது. மறுபடி மாட்டினேன், வந்துவிட்டது. தெருவிலிருந்து வரும் கேபிளின் வெளி உறைக்கு ஒரு எர்த், மூன்று பின் பிளக் வழியாக ஆம்ப்ளிஃபையருக்கு இன்னொரு எர்த். பாக்ஸ், எச்டிஎம்ஐ ஒயர், டிவி, நம் சிவப்பு-வெள்ளை ஒயர் எல்லாம் அந்த இரண்டையும் இணைத்து ஒரு வளையமாக்கிவிட்டன.

இதைத் தீர்க்கச் சிலர் ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பார்கள். ஓசை நிற்கும், உயிருக்கு இருந்த காப்பும் போய்விடும். தயவுசெய்து செய்யாதீர்கள். சிவப்பு-வெள்ளை ஒயரின் நடுவில் ஆடியோ ஐசோலேட்டர் என்ற சின்ன டிரான்ஸ்பார்மர் பெட்டியைப் போடலாம். சிக்னல் காந்தப் புலம் வழியாகத் தாண்டும், எர்த் தாண்டாது. மலிவான பெட்டிகளில் மிகத் தாழ்ந்த பாஸ் கொஞ்சம் குறையும், வசனத்துக்கு ஒன்றும் ஆகாது. கேபிள் ஒயரில் போடும் ஐசோலேட்டரும் உண்டு. ஆனால் டிஷ் வைத்திருப்பவர்கள் அதைப் போட்டால் படமே போய்விடலாம், ஏனென்றால் கூரையில் இருக்கும் எல்என்பிக்கு அந்த ஒயர் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. நாங்கள் ஆடியோ ஐசோலேட்டரைப் போட்டோம், ஓசை முழுவதும் நின்றது.

ஆப்டிக்கல் எப்போது?

இந்த ஓசைக்கு இன்னொரு மருந்து ஆப்டிக்கல். அதில் போவது வெளிச்சம், மின்சாரம் அல்ல. அதனால் அந்த ஒயர் வழியாக எர்த் வளையம் உருவாக வாய்ப்பே இல்லை. டாக் பெட்டிக்கு ஐந்து வோல்ட் கொடுப்பதற்கு டிவியின் யுஎஸ்பியைப் பயன்படுத்தினால் மட்டும் வளையம் மறுபடி வந்துவிடும், தனி மொபைல் சார்ஜரில் கொடுங்கள். ஹெட்போன் ஜாக்கே இல்லாத டிவிக்கும், ஜாக்கில் ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல் அதிகமாக உள்ள டிவிக்கும் ஆப்டிக்கல்தான் வழி. அப்போது மெனுவில் டிஜிட்டல் ஆடியோ அவுட் என்ற இடத்தில் PCM என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். சின்னப் பெட்டிகள் பலவற்றுக்கு டால்பி புரியாது. சில சேனல்களில் சத்தம் வந்து, சிலவற்றில் மட்டும் அமைதி என்றால் காரணம் இதுதான்.

இதில் எனக்கு இருக்கும் தயக்கம் ரிமோட் மட்டும் அல்ல. டாக் பெட்டி பலவும் முழு அளவில் இரண்டு வோல்ட் தரும். 150 மில்லிவோல்ட் போதும் என்றிருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு அது பத்து மடங்குக்கு மேல். குமிழை ஒரு நூல் நகர்த்தினாலே ஹால் அதிரும். பழைய குமிழ்களில் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் இடதும் வலதும் சமமாக இருக்காது, ஒரு பக்கம் தூக்கலாகக் கேட்கும். ஆப்டிக்கல்தான் என்று முடிவானால் தன்னிடமே வால்யூமும் ரிமோட்டும் உள்ள டாக் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள், இரண்டு குறையும் தீரும்.

குமிழை எங்கே நிறுத்துவது

ஹெட்போன் ஜாக் வழியில் இதைச் சரியாகச் செய்தால் மீதி எல்லாம் தானாக அமையும். முதலில் டிவியின் ஒலி மெனுவில் பாஸ் பூஸ்ட், சரவுண்ட் போன்றவற்றை அணைத்துவிடுங்கள். அவை அந்த மெல்லிய ஸ்பீக்கர்களுக்காகச் செய்தவை, ஆனால் பல டிவிகளில் ஹெட்போன் சிக்னலிலும் கலந்து வரும். ஆம்ப்ளிஃபையர் குமிழை முழுவதும் இறக்கிவிட்டு, டிவி வால்யூமை நூறுக்கு ஏற்றுங்கள். சத்தமான ஒரு பாட்டை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபையர் குமிழை மெதுவாகத் திருகுங்கள். இதற்கு மேல் இந்த வீட்டில் யாரும் கேட்கப் போவதில்லை என்ற அளவில் நிறுத்துங்கள். நூறில் ஒலி கரகரத்தால் டிவியை எண்பத்தைந்துக்கு இறக்கிவிட்டு இதையே மறுபடி செய்யுங்கள்.

இதன் பிறகு அன்றாடம் கேட்பது டிவியின் முப்பதிலிருந்து அறுபதுக்குள் வந்து நிற்கும். பேரப்பிள்ளை ரிமோட்டை நூறுக்கு அழுத்தினாலும் ஸ்பீக்கர் கிழியாது. மாறாக, ஆம்ப்ளிஃபையரை அதிகமாகவும் டிவியைக் குறைவாகவும் வைத்தால் டிவியின் இரைச்சலையும் ஆம்ப்ளிஃபையர் சேர்த்துப் பெருக்கும், நூறை அழுத்துகிற அன்று ஸ்பீக்கரும் போகும்.

மாமாவின் ஆம்ப்ளிஃபையரில் குமிழ் கடிகாரத்தின் பத்து மணி இடத்தில் நின்றது. அந்த இடத்தில் அத்தை ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டார். டிவியையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், தனித்தனி ஸ்விட்சில் கொடுத்திருக்கிறோம். முதலில் டிவி, பிறகு ஆம்ப்ளிஃபையர். அணைக்கும்போது முதலில் ஆம்ப்ளிஃபையர், இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் டப்பென்று அடிக்கும்.